‘இனி ஒழுங்காக அனுப்புகிறேன்’ என்றால் போதுமா?

உயர்தர வகுப்பில் பிள்ளை படிக்கும் வீட்டுக்குப் பாடசாலையிலிருந்து வரவு குறைவு பற்றிய கடிதம் வந்தால் பெற்றோர் பதறிப்போவது நியாயமே. பாடசாலைப் பரீட்சார்த்தியாகப் பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பது விதி. அது இல்லாவிட்டால் பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவே விண்ணப்பிக்க நேரலாம். ஆனால் அந்தப் பதற்றத்தில் எழுதும் பதில் பெரும்பாலும், ‘சுகயீனம் காரணமாக வர முடியவில்லை, இனி ஒழுங்காக அனுப்புகிறேன்’ என்ற இரண்டு வரிகளோடு நின்றுவிடுகிறது. அதைப் படிக்கும் வகுப்பாசிரியருக்கு என்ன கோளாறு என்றும் தெரியாது, எது மாறப்போகிறது என்றும் தெரியாது.

தெல்தோட்டை, கலஹா பக்கத்திலிருந்து கண்டி நகரப் பாடசாலைக்கு வரும் ஒரு மாணவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இதுவரை நடந்த 100 பாடசாலை நாட்களில் அவள் 70 நாட்கள் வந்திருக்கிறாள். தாய் செய்ய வேண்டிய முதல் வேலை, வராத 30 நாட்களின் திகதிகளையும் வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குவது. பெரஹெரவுக்காகப் பாடசாலை மூடியிருந்த நாட்கள் இந்தக் கணக்கில் வராது. வீட்டு நினைவை மட்டும் நம்பினால் இதிலேயே குழப்பம் தொடங்கிவிடும்.

திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் காரணங்கள் தாமாகப் பிரியும். தொடர்ச்சியாக 9 நாட்கள் டெங்குக் காய்ச்சல். அங்கொன்றும் இங்கொன்றுமாக 11 நாட்கள் காலை பஸ் தவறியவை. ஆறு நாட்கள் டியூஷன் வகுப்புக்காக நின்றவை. நான்கு நாட்கள் தாய் வேலைக்குப் போனதால் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டவை.

டெங்கு திரும்பத் திரும்ப வரும் காரணம் அல்ல. வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்டின் பிரதியை இணைத்தால் அது தீர்ந்தது. பஸ் தவறுவதுதான் உண்மையான சிக்கல். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. பேராதனை, கெட்டம்பே நெரிசலில் பஸ் சிக்கினால் நேரம் போய்விடும். ‘பிந்திப் போனால் ஏச்சு’ என்று பயந்து பிள்ளை பாதி வழியில் திரும்பிவிடுகிறாள். பிந்தியாவது போனால் அன்றைய பாடம் கிடைக்கும். இடாப்பு குறித்த பிறகு போனால், வகுப்பாசிரியரிடம் சொல்லி வரவைப் பதியச் செய்ய வேண்டும். டியூஷன் நாட்களைக் காய்ச்சல் நாட்களோடு சேர்த்து மறைக்கவே கூடாது. இடாப்பில் கிழமைதோறும் ஒரே நாள் மீண்டும் மீண்டும் வெறுமையாக இருந்தால் ஆசிரியருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது வாக்குறுதி. பரீட்சைக்கு முன் இன்னும் 100 நாட்கள் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 200 நாட்களில் 160 நாட்கள் வந்திருக்க வேண்டும். அதாவது மீதி நூறில் 90 நாட்கள். மாதத்துக்கு 20 பாடசாலை நாட்கள் என்றால், இரண்டு நாட்களுக்கு மேல் தவறக்கூடாது.

இங்கேதான் பலர் மனம் தளர்கிறார்கள். முதல் மாதம் 20இல் 18 நாட்கள் போனாலும் மொத்த வரவு 70இலிருந்து 73 வீதத்துக்குத்தான் ஏறும். இரண்டாம் மாத முடிவில் ஏறக்குறைய 76. மூன்றாம் மாதம் 77.5, நான்காம் மாதம் 79. ஐந்தாம் மாதம் முடியும்போதுதான் 80. பிள்ளை நன்றாக வந்துகொண்டிருக்கும் நான்கு மாதங்களும் மொத்தக் கணக்கு ‘குறைவு’ என்றே காட்டும். ஆகவே அந்தந்த மாத வரவைத் தனியாகப் பார்க்கும்படி பதிலிலேயே கேட்டுக்கொள்வது அவசியம்.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்:

“மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு, வகுப்பாசிரியர் ஊடாக. மகளின் வரவு பற்றிய தங்கள் கடிதம் கிடைத்தது. வராத 30 நாட்களில் 9 நாட்கள் டெங்குக் காய்ச்சல், டயக்னோசிஸ் கார்டின் பிரதியை இணைத்துள்ளேன். 11 நாட்கள் பஸ் தவறியவை. இனி அதற்கு முந்திய பஸ்ஸில் அனுப்புவேன். பிந்தினாலும் திரும்பி வராமல் பாடசாலைக்கே போகச் சொல்லியுள்ளேன். டியூஷனுக்காக 6 நாட்கள் நின்றது சரியல்ல. அந்த வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றியுள்ளோம். நான்கு நாட்கள் தம்பியைப் பார்த்துக்கொண்டாள்; இனி அவனை என் அக்கா பார்த்துக்கொள்வார். மாதத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தவறாமல் அனுப்புவேன். அந்தந்த மாத வரவைத் தனியாகப் பார்க்குமாறும், மாத முடிவில் நான் வந்து இடாப்பைப் பார்த்துக் கையொப்பமிட அனுமதிக்குமாறும் வேண்டுகிறேன்.”

அக்கா உண்மையில் ஒப்புக்கொண்ட பிறகே அந்த வரியை எழுத வேண்டும். முந்திய பஸ்ஸையும் ஒரு வாரம் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. தன் கையில் இல்லாததை வாக்களித்தால் இரண்டாவது கடிதம் வரும். அப்போது பெற்றோர் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. முதல் மாதத்திலேயே மூன்றாவது நாளும் தவறிவிட்டால் மாத முடிவுவரை காத்திருக்காமல் அன்றே வகுப்பாசிரியருக்கு அறிவித்து, அடுத்த மாதம் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பதிலின் பிரதியில் பாடசாலையின் திகதியும் கையொப்பமும் வாங்கி வீட்டில் வைத்திருங்கள். பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் வேளையில் அதுவும் மாதாந்தக் கையொப்பங்களும் உங்கள் முயற்சிக்குச் சான்றாக இருக்கும்.