பழைய பேச்சு மாதிரிக்கு எப்படித் தெரியவரும்?

மொழி மாதிரியின் அறிவு அதன் பயிற்சி முடிந்த நாளோடு நின்றுவிடுகிறது. நேற்று ஒருவர் அதனுடன் மணிக்கணக்கில் பேசியிருந்தாலும், இன்று புதிதாகத் தொடங்கும் உரையாடலில் அந்தப் பேச்சு எதுவும் அதற்குத் தெரியாது. நினைவில் வைத்திருப்பது போலத் தோன்றும் செயலிகளில் அதற்கென்று தனி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். அந்த ஏற்பாட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. பழைய பேச்சைச் சேமித்து வைத்து, கேள்வி வரும்போது தொடர்புள்ள பகுதியைத் தேடி எடுத்து, கேள்வியோடு சேர்த்து மாதிரிக்குப் படிக்கக் கொடுப்பது ஒன்று. பழைய பேச்சையே பாடமாக்கி மாதிரிக்கு மேற்கொண்டு பயிற்சி தருவது மற்றொன்று. இதைத்தான் துறையினர் ஃபைன்-டியூனிங் என்கிறார்கள். பேச்சு மொத்தமே சில பக்கங்கள்தான் என்றால் இரண்டுமே வேண்டாம், முழுவதையும் கேள்வியோடு கொடுத்துவிடலாம். மாதக்கணக்கில் பேச்சு சேரும்போதுதான் எந்த வழி என்ற கேள்வி எழுகிறது.

சர்க்கரை நோயாளி ஒருவர் உடல்நலச் செயலி ஒன்றுடன் ஓராண்டாகப் பேசி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதம், "மெட்ஃபார்மின் 500 போட்டுக்கிறேன், காலையும் ராத்திரியும்" என்று சொல்லியிருக்கிறார். ஜூனில், "டாக்டர் அதை 1000 ஆக்கிட்டார்" என்று சொல்லியிருக்கிறார். ஆகஸ்டில் கேட்கிறார்: "நான் இப்போ எவ்வளவு மெட்ஃபார்மின் போட்டுக்கிறேன்?"

ஃபைன்-டியூனிங் வழியில் போனால் என்ன ஆகும்? பயிற்சி என்பது, அடுத்து வரவேண்டிய சொல்லைச் சரியாகக் கணிக்கும் வகையில் மாதிரிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாக மாற்றுவது. மார்ச் வாக்கியமும் அந்த எண்களை மாற்றும், ஜூன் வாக்கியமும் மாற்றும். எது முன்னால் சொன்னது, எது அதைத் திருத்தியது என்ற கணக்கு அங்கே தனியாக எழுதப்படுவதில்லை. ஆகஸ்டில் மாதிரி 500 என்றும் சொல்லலாம், 1000 என்றும் சொல்லலாம், இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்லும். எந்தப் பேச்சிலிருந்து அந்த விடை வந்தது என்று காட்டவும் அதனால் முடியாது.

ஒருமுறை மட்டும் சொன்ன செய்தி பயிற்சியில் பதிவதே கடினம் என்பது இன்னொரு சிக்கல். மாதிரிகள் பொது அறிவைப் பெற்றது, ஒரே செய்தியைப் பல இடங்களில் பல வடிவங்களில் படித்ததால். 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று இதன் குறையை நன்றாகக் காட்டியது: 'அ என்பவர் ஆ' என்று பயிற்றுவித்த மாதிரியிடம் 'ஆ யார்?' என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் அதற்கு விடை தெரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு செய்தியையும் பல விதமாக மாற்றி எழுதிப் பாடமாக்க வேண்டியிருக்கிறது. அதே பாடத்தை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பக் கொடுத்தாலோ, முன்பு தெரிந்திருந்தவை மங்கத் தொடங்கும். 2024-இல் கூகுள் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு இதைவிடக் கவலை தரும் முடிவைச் சொன்னது. ஃபைன்-டியூனிங்கில் புதிய செய்திகளை மாதிரி கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, இல்லாததை இருப்பதாகச் சொல்லும் போக்கும் அதனிடம் கூடுகிறது. தனக்குத் தெரியாததைப் பற்றியும் தயங்காமல் பதில் சொல்லலாம் என்று அது பழகிவிடுகிறது எனலாம். மருந்தளவு கேட்கும் இடத்தில் இப்படிப்பட்ட பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அழிப்பதிலும் வேறுபாடு உண்டு. தனிப்பட்ட தரவை நீக்கக் கோரும் உரிமையை இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. சேமித்த பேச்சை நீக்க, அந்தப் பதிவையும் அதிலிருந்து உண்டான சுருக்கங்களையும் அழித்தால் போதும். பயிற்சியில் கரைந்துபோன ஒரு வாக்கியத்தை மட்டும் வெளியே எடுப்பது, சாம்பாரில் கரைந்த உப்பைத் திரும்பப் பெறுவது போன்றது.

தேடி எடுக்கும் வழி இந்தத் தொல்லைகளைத் தவிர்க்கிறது, ஆனால் அதற்கென்று சில தொல்லைகள் உண்டு. பேச்சு முதலில் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும், அதன் பொருளைக் குறிக்கும் எண்களின் வரிசையாக மாற்றப்படுகிறது. இதற்கு எம்பெடிங் என்று பெயர். கேள்வியும் அப்படியே மாற்றப்பட்டு, அதற்கு மிக நெருக்கமான நான்கைந்து துண்டுகள் பொறுக்கப்படுகின்றன. புத்தகங்களுக்கும் கட்டுரைகளுக்கும் இது நன்றாகவே ஒத்துவரும். உரையாடல் அப்படிப்பட்டதல்ல. நோயாளியின் ஜூன் பேச்சை மறுபடி பார்த்தால் தெரியும்: "டாக்டர் அதை 1000 ஆக்கிட்டார்" என்பதில் மருந்தின் பெயரே இல்லை. 'அதை' என்பது எதை என்று முந்தைய வரிதான் சொல்லும். வாக்கியம் வாக்கியமாக வெட்டிவைத்தால், மருந்தின் பெயரைத் தாங்கிய மார்ச் துண்டு முதலிடம் பிடிக்கும், ஜூன் துண்டு பட்டியலிலேயே வராமல் போகலாம். மாதிரி 500 என்று சொல்லும். தேடும் முறையில் வரும் பிழைகளிலேயே மிக ஆபத்தானது இதுதான், ஏனென்றால் விடைக்கு ஆதாரமும் கையில் இருக்கும்.

இதற்கான திருத்தம் சேமிக்கும் இடத்தில் செய்ய வேண்டியது. கேள்வியும் பதிலுமாக, ஒரு பொருளைப் பற்றிய பேச்சு முழுவதையும் ஒரே துண்டாக வைக்க வேண்டும். அதன் தலையில் தேதி, பேசியவர், 'மெட்ஃபார்மின் அளவு 500-லிருந்து 1000 ஆனது' என்பது போன்ற ஒரு வரிக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். 'இப்போ' என்ற சொல்லின் பொருள் எம்பெடிங்குக்கு எட்டாது. ஆகவே ஒரே பொருளில் பல துண்டுகள் வந்தால், அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கித் தர வேண்டும். மாத்திரைப் பெயர்களுக்கு எம்பெடிங்கோடு பழைய பாணிச் சொல் தேடலையும் சேர்ப்பது நல்லது. தமிழர் ஒருவர் ஒரே மாத்திரையை ஒரு நாள் தமிழ் எழுத்திலும் மறுநாள் ஆங்கில எழுத்திலும் அடிப்பார், எழுத்துக்கூட்டலும் நாளுக்கு நாள் மாறும். அதனால் பெயர்களைச் சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு திருத்தினாலும் இந்த வழிக்கு எட்டாத கேள்விகள் உண்டு. "இந்த வருஷம் எத்தனை தடவை தலைசுத்தல்னு சொன்னேன்?" என்று கேட்டால், ஐந்து துண்டுகளை மட்டும் எடுக்கும் தேடல் ஐந்துக்கு மேல் எண்ணாது. ஃபைன்-டியூனிங்கும் இதற்கு உதவாது. அறிகுறி, தேதி என்று தனி அட்டவணை ஒன்றைப் பேச்சு நடக்கும்போதே நிரப்பி வந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

அப்படியென்றால் ஃபைன்-டியூனிங் எதற்கு? நடத்தைக்கு. நோயாளியை 'நீங்க' என்றே அழைப்பது, பதிலைச் சுருக்கமாகச் சொல்வது, மருந்தளவைச் சொல்லும்போதெல்லாம் அது எந்தத் தேதியில் பேசப்பட்டது என்றும் சேர்ப்பது, தேடியதில் எதுவும் கிடைக்காவிட்டால் "நீங்க அதைப் பத்தி என்கிட்ட சொன்னதில்ல" என்று ஒப்புக்கொள்வது ஆகியவை எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான பழக்கங்கள், வாராவாரம் மாறாதவை. நல்ல எடுத்துக்காட்டுகள் சில நூறு இருந்தாலே இவற்றைப் பழக்கிவிடலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2021-இல் அறிமுகப்படுத்திய லோரா முறையில் மாதிரி முழுவதையும் தொடாமல் சிறியதோர் இணைப்பை மட்டும் பயிற்றுவிப்பதால் செலவும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதற்காக நோயாளிக்கு ஓர் இணைப்பு என்று செய்து, ஒவ்வொரு புதிய பேச்சுக்கும் அதை மறுபடி பயிற்றுவிப்பது வீண் வேலை.

எதில் குறை என்று கண்டுபிடிக்கச் சோதனை ஒன்று போதும். பதிவுகளிலிருந்தே ஐம்பது கேள்விகளை விடையோடு எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றில் பத்து, பதிவில் விடையே இல்லாதவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் பார்க்க வேண்டியது, சரியான துண்டு மாதிரியின் முன் வந்ததா என்பது. வரவில்லை என்றால் குறை வெட்டியதிலோ தேடியதிலோ இருக்கிறது, எத்தனை பயிற்சி தந்தாலும் அது தீராது. துண்டு வந்தும் விடை தவறினாலோ, விடையில்லாத கேள்விக்கு மாதிரி எதையாவது சொன்னாலோ, மாதிரிக்குத் தரும் அறிவுறுத்தலைத் திருத்திப் பார்க்க வேண்டும். அதற்கும் வழிக்கு வராவிட்டால்தான் ஃபைன்-டியூனிங்குக்குப் பணம் செலவிட வேண்டும்.