‘ஓகே, பணம் அனுப்பிடுங்க’ போதுமா?

ஒரு மொத்த வியாபாரக் கடை பில்லிங் மென்பொருள் செய்யச் சொல்லியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொகை 12 லட்சம் ரூபாய். மூன்றாம் கட்டம் முடிந்தால் அதில் 30 சதவீதம், அதாவது வரி நீங்கலாக 3,60,000 ரூபாய் தர வேண்டும். ஜூன் 9 அன்று மென்பொருள் வந்தது. சோதித்துப் பார்த்த முதலாளி கணக்காளருக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் ஒரே வரியில் மெயில் அனுப்பினார்: “பார்த்தாச்சு, நல்லா இருக்கு. பணத்தை அனுப்பிடுங்க.”

கணக்காளரால் இதை வைத்துப் பணம் அனுப்ப முடியாது. எந்த பில், எவ்வளவு தொகை என்று அதில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் வரும். வாடிக்கையாளர் திருப்பித் தந்த சரக்கு இருப்பில் ஏறவில்லை என்பது சோதனையிலேயே தெரிந்தது. போனில் சொல்லவும் செய்தார்கள். ஆனால் மெயிலில் அது இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், “நல்லா இருக்குன்னு நீங்கதானே சார் எழுதினீங்க?” என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு.

அந்த மெயிலை இப்படி எழுதியிருக்கலாம்:

“மூன்றாம் கட்டமான பில்லிங், இருப்புப் பகுதிகளை (பதிப்பு 1.3) ஜூன் 10 முதல் 14 வரை எங்கள் கடைக் கணினியில் சோதித்தோம். 40 சோதனைகளில் 39 சரியாக வந்தன. திரும்பி வந்த சரக்கு இருப்பில் சேரவில்லை. இதை ஜூன் 30-க்குள் சரிசெய்து தரவும். இந்தக் குறை நீங்கலாக இக்கட்டத்தை ஏற்கிறோம். பில் எண் 27-இல் வரி நீங்கலான ரூ. 3,60,000-இல் ரூ. 3,24,000-ஐயும், முழு ஜி.எஸ்.டி.யையும் இப்போது விடுவிக்கலாம். ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவின்படி நிறுத்திவைக்கும் ரூ. 36,000, குறை தீர்ந்ததும் தரப்படும்.”

இதில் பதிப்பு எண்ணை விட்டுவிடவே கூடாது. மென்பொருள் வாராவாரம் மாறும். நாம் ஏற்றது எதை என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. பணத்தை நிறுத்திவைக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறை தீரும்வரை ஏற்புக் குறிப்பையே கொடுக்காமல், குறையை மட்டும் எழுத்தில் தெரிவிப்பது நல்லது. கையெழுத்தும் ஒப்பந்தம் யாருக்கு அதிகாரம் தந்திருக்கிறதோ அவருடையதாகவே இருக்க வேண்டும்.

தள்ளிப்போடவும் முடியாது. மென்பொருள் தருபவர் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் குறுக்கே வரும். வேலை கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அது கருதும். ஒப்பந்தத்தில் எவ்வளவு அவகாசம் போட்டிருந்தாலும், ஏற்பு நாளிலிருந்து 45 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி ஏறும்.

இந்தக் கடைக்கு அந்தக் கெடு ஜூன் 24. போனில் சொன்னது எழுத்தாகாது.