சஹர் சாப்பாடு எத்தனை மணிக்கு?

ரமலான் மாதத்தில் லாட்ஜ்களின் வரவேற்பறையில் ‘சஹர் உணவு: அதிகாலை 4.00 – 5.15’ என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுபுஹ் நேரம் 5.15-க்குத் தொடங்கும் நாளில், இதை நம்பி 5.10-க்கு வந்து தோசை கேட்பவர் பாதி தோசையோடு எழ வேண்டியிருக்கும். பாங்கு சொன்ன பிறகு அவர் எதையும் விழுங்க முடியாது. தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

அதனால் சாப்பிட்டு முடிக்க வேண்டிய நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். 5.15-க்கு சுபுஹ் என்றால், 5.05-க்கே சாப்பிட்டு முடித்துவிடும்படி விருந்தினரிடம் சொல்லுங்கள். கடைசி ஆர்டர் 4.40. பரிமாறத் தொடங்குவது 4.10. அடுப்பு பற்ற வேண்டியது 3.15. எத்தனை பேருக்குச் சமைப்பது என்பது முந்தைய இரவு 9 மணிக்குள் தெரிந்தாக வேண்டும். முதல் மூன்றும் விருந்தினர் பார்க்கும் தாளில் இருக்கட்டும். மற்ற இரண்டும் சமையலறைத் தாளுக்கு உரியவை. இரண்டையும் ஒரே தாளில் போட்டால் இருவருமே குழம்புவார்கள். நோன்பு வைக்காதவர்களுக்குக் காலை டிபன் வழக்கம்போல் 7 மணிக்கு உண்டு என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரே நேரத்தை மாதம் முழுக்க ஒட்டிவைக்கவும் முடியாது. ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வரும் ஆண்டுகளில், சென்னையில் மாதம் முடிவதற்குள் சஹர் முடியும் நேரம் கால்மணி அளவுக்கு முன்னால் வந்துவிடும். மாலையில் நோன்பு திறக்கும் நேரமோ சில நிமிடங்கள்தான் மாறும். ஆகவே, காலை நேரத்தையாவது வாரம் ஒருமுறை திருத்தி எழுத வேண்டும்.

ஊரும் முக்கியம். சென்னைக்கு அச்சிட்ட அட்டையைக் கோவை லாட்ஜில் மாட்டினால், மாலையில் பெரிய தவறு நடக்கும். அந்தப் பருவத்தில் கோவையில் சூரியன் ஏறத்தாழ கால்மணி நேரம் தாமதமாக மறைகிறது. அட்டையைப் பார்த்துப் பேரீச்சம்பழத்தைக் கடித்தவரின் அன்றைய நோன்பு வீணாகிவிடும். உள்ளூர்ப் பள்ளிவாசல் அட்டையையே வாங்கி மாட்டுங்கள்.

நோன்புக் கஞ்சியை மஃரிபுக்கு அரைமணி முன்பே இறக்கிவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் கிண்ணத்தில் ஊற்றினால், பாங்கு கேட்டதும் யாராலும் வாய் வைக்க முடியாது. சமைப்பவரும் நோன்பாளி என்றால், உப்பு பார்க்க நோன்பில்லாத ஒருவரை அந்த வேளைக்கு நிறுத்திவையுங்கள்.

29-ஆம் நோன்பு மாலைதான் சமையலறைக்குச் சோதனை. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், சஹர் கிடையாது. தெரியாவிட்டால் 30-ஆம் நோன்பு, அதிகாலையில் அடுப்பு எரிந்தாக வேண்டும். தமிழ்நாடு தலைமை காஜியின் அறிவிப்பு வரும்வரை ஆள் வந்து வேலை தொடங்குவதை உறுதிசெய்ய முடியாது. எனவே, ‘பிறையைப் பொறுத்து’ என்று அன்றைய தாளில் முன்கூட்டியே எழுதிவிட்டு, இரவு ஆர்டர் எடுக்கும் நேரத்தை அன்று மட்டும் 9-லிருந்து 10-க்குத் தள்ளிவைப்பது நல்லது.