கண் சிவந்தால் எல்லாம் "மெட்ராஸ் ஐ" ஆகுமா?

ஒரே கண்ணில் 3 தடவை! தாம்பரம் வாலிபர்கள் ஏமாறும் நோய்

தாம்பரம்,

காலை நேர மின்சார ரெயில். கறுப்புக் கண்ணாடி போட்ட வாலிபர் ஒருவர் ஏறி உட்காருகிறார். பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து கொள்கிறார். "மெட்ராஸ் ஐ" ஒட்டிக்கொள்ளுமே என்று பயம்!

"மெட்ராஸ் ஐ" பார்ப்பதால் ஒட்டுவது இல்லை. கையாலும், துண்டாலும்தான் ஒட்டும். அது போகட்டும். இந்த வாலிபருக்கு வந்திருப்பது "மெட்ராஸ் ஐ"யே அல்ல. அதன் பெயர் "யுவைடிஸ்".

இவர் ஒருவர் மட்டும் அல்ல. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று எங்கும் இவரைப்போல இருக்கிறார்கள். பெரும்பாலும் 20 வயதில் இருந்து 40 வயதுக்கு உட்பட்டவர்கள். கதை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகிறது.

"உஷ்ணம்டா தம்பி!"

வயது 27. கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. ஒரு நாள் காலையில் வலது கண் சிவந்து வலிக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "உஷ்ணம்டா. எண்ணெய் தேச்சுக் குளி" என்கிறார். நந்தியாவட்டைப் பூவை ஒத்திப் பார்க்கிறார்கள். வலி போகவில்லை.

மாலையில் மருந்துக்கடை.

"அண்ணே, கண்ணு செவந்திருக்கு."

"மெட்ராஸ் ஐதான் தம்பி. இதை விடு, மூணு நாள்ல சரியாயிடும்."

கொடுத்தது "ஸ்டீராய்டு" கலந்த சொட்டு மருந்து. சொன்னபடியே மூன்றாம் நாள் சிவப்பு குறைந்தது. ஐந்தாம் நாள் மருந்தை நிறுத்தினார். எட்டாம் நாள் மறுபடியும் அதே கண், அதே வலி!

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

"மெட்ராஸ் ஐ" வந்தால் பீளை தள்ளும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். மணல் விழுந்த மாதிரி உறுத்தும். இரண்டொரு நாளில் அடுத்த கண்ணுக்கும் போகும், வீட்டில் உள்ளவர்களுக்கும் வரும்.

யுவைடிசில் பீளை இல்லை, தண்ணீர்தான் வடியும். பெரும்பாலும் ஒரு கண்தான் சிவக்கும். சிவப்பு, கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வளையம் போட்டதுபோல நிற்கும். கண்ணுக்குள் ஆழமாக வலிக்கும். பார்வை மங்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. நல்ல கண்ணில் டார்ச் அடித்தால்கூட, நோய் உள்ள கண் வலிக்கும்!

காரணம் இதுதான். கருவிழிக்குள் தெரியும் பாப்பாவைச் சுற்றி ஒரு திரை இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சுருங்கும், இருட்டில் விரியும். இரண்டு கண்ணிலும் சேர்ந்தே சுருங்கும். அந்தத் திரையும், அதன் பின்னால் தொடரும் படலமும் சேர்ந்ததுதான் "யுவியா". அது அழற்சி கண்டு வீங்குவதுதான் யுவைடிஸ். "மெட்ராஸ் ஐ" கண்ணின் மேல்தோலில் வரும் நோய். இது உள்ளே வரும் நோய்.

கண்ணுக்குள் தூசு!

கண் டாக்டர் "ஸ்லிட் லாம்ப்" என்ற கருவி முன் தாடையை வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கீற்றை உள்ளே விடுவார். சினிமா கொட்டகையில் புரொஜக்டர் வெளிச்சத்தில் தூசு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். யுவைடிஸ் கண்ணுக்குள் அதேபோல வெள்ளை அணுக்கள் மிதக்கும். வெளிச்சிவப்பு போன பிறகும் இவை மிதந்துகொண்டிருக்கும். கண்ணாடியில் முகம் பார்த்து, "சரியாயிடுச்சு" என்று மருந்தை நிறுத்துகிறவர் ஏமாறுவது இதனால்தான்.

சரியான வைத்தியத்திலும் ஸ்டீராய்டு சொட்டுதான் முக்கியம். கடைக்காரர் கொடுத்ததும் அதே ஜாதி மருந்துதானே என்று கேட்கலாம். வித்தியாசம் அளவில் இருக்கிறது. முதல் சில நாட்கள், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. பிறகு நாளைக்கு ஆறு, வாரம் ஒரு தடவையாக நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாக இறக்க வேண்டும். மொத்தம் ஆறு வாரம்கூட ஆகும். பால் போன்ற சொட்டு மருந்து அடியில் படியும். குலுக்கி விடாவிட்டால் வெறும் தண்ணீரைத்தான் விடுகிறோம்.

கூடவே பாப்பாவை விரிக்கும் சொட்டு ஒன்றும் தருவார்கள். இது விட்டால் பக்கத்தில் உள்ள எழுத்து தெரியாது. கணக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்? "வேலை கெடுது சார்" என்று இதைத்தான் முதலில் நிறுத்துவார். அங்கேதான் வினை! வீங்கிய திரை, பின்னால் இருக்கும் லென்சில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். வட்டமான பாப்பா கோணலாகிவிடும். சுற்றிலும் முழுதாக ஒட்டிவிட்டால் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற வழி இல்லாமல் அழுத்தம் ஏறும். பார்வையே போகலாம்.

ஸ்டீராய்டும் இருபக்கம் வெட்டும் கத்தி. சிலருக்கு இரண்டு, மூன்று வாரத்தில் கண் அழுத்தம் ஏறும். 21க்கு மேல் போனால் டாக்டர் உஷாராவார். நோயாளிக்கு வலியே தெரியாது. மாதக்கணக்கில் விட்டால் புரையும் வரும். அக்கி வகை வைரசால் கருவிழியில் புண் வந்திருந்தால், இந்தச் சொட்டு மட்டும் விடுவது நெருப்பில் எண்ணெய். கருவியில் பார்க்காமல் கடையில் வாங்கி விடக்கூடாது என்பது இதற்காகத்தான்.

முதுகைப் படம் பிடிப்பது ஏன்?

மூன்றாவது தடவை வந்தபோது வாலிபரை யுவியா டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி கண்ணைப் பற்றி அல்ல.

"காலையில எழுந்திருக்கும்போது முதுகு பிடிச்சுக்குதா?"

"ஆமா சார். அரை மணி, ஒரு மணி நேரம் இருக்கும். நடந்தா சரியாயிடும். ரெயில்ல நின்னுட்டே போறதால வருதுன்னு நெனச்சேன்."

ரத்தத்தில் "எச்.எல்.ஏ. பி-27" பரிசோதனை. இடுப்பு எலும்பு மூட்டுக்கு எக்ஸ்ரே. "கண்ணுக்கு வந்தவனுக்கு இடுப்பை போட்டோ பிடிக்கிறாங்களே!" என்று அம்மாவுக்கு ஆச்சரியம். முதுகெலும்பு மூட்டுகளை இறுக்கும் வாத நோயும், கண்ணில் திரும்பத் திரும்ப வரும் யுவைடிசும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த ரத்த அடையாளம் இருந்தாலே நோய் வரும் என்று இல்லை. இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் வருவதில்லை. ஆனால் கண்ணும் முதுகும் சேர்ந்து தொல்லை கொடுத்தால், வாத நோய் டாக்டரும் பார்க்க வேண்டும். அடிக்கடி வந்தால் சொட்டு மருந்து போதாது. மாத்திரையோ ஊசியோ தேவைப்படும்.

எல்லோருக்கும் காரணம் இதுவும் அல்ல. நம் ஊரில் காசநோயையும் தேடியே ஆக வேண்டும். 1928ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரியின் பெயரில்தான் நமக்கு சானடோரியம் ஸ்டேஷனே இருக்கிறது. அந்த நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. அதனால்தான் மார்புக்கும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். காசநோய் இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அது பரவிவிடும்.

மதுரையில் நடந்தது இன்னொரு விதம். 1993 கடைசியில் அங்கே பெருவெள்ளம். 1994 தொடக்கத்தில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு யுவைடிஸ் நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக வரத் தொடங்கினார்கள். டாக்டர் ரத்தினம் குழுவினர் துருவிப் பார்த்தபோது, காரணம் எலிக்காய்ச்சல் கிருமி என்று தெரிந்தது. எலி, மாடுகளின் சிறுநீர் கலந்த வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு, காய்ச்சல் போன பிறகு கண்ணில் வந்திருக்கிறது. 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்த முடிச்சூர்க்காரர்கள் இதைக் கவனிக்கலாம்.

எங்கே போவது?

எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819ல் தொடங்கியது. தாம்பரத்தில் இருந்து ஒரே ரெயில். நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவில் யுவியாவுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

போகும்போது இதுவரை விட்ட சொட்டு மருந்து புட்டிகளையும், பழைய சீட்டுகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்த மருந்து, எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு வேலை சுலபம்.

நம் வாலிபருக்கு இப்போது முதுகுக்கும் கண்ணுக்கும் சேர்த்து மாத்திரை. ரத்தப் பரிசோதனைக்கும், கண் அழுத்தம் பார்க்கவும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரை நாள் லீவு போடுகிறார். கண் சிவக்கவில்லை என்றாலும் போகிறார். நான்காவது தடவை லேசாக வலி ஆரம்பித்த அன்றைக்கே எழும்பூரில் இறங்கிவிட்டார். அந்தத் தடவை திரை ஒட்டவில்லை. முதல் மூன்று தடவையில் ஒட்டிய இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. டார்ச் அடித்தால் வலது பாப்பா இன்னும் கோணலாகத்தான் தெரிகிறது.