கலவரம் வரும் என்றால் தடுக்கலாமா?

அரசமைப்பின் 19ஆவது பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. பொது ஒழுங்கு, அவதூறு போன்ற சில காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாட்டையும் அனுமதிக்கிறது. எது நியாயம்?

‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் சாதிவழி இடஒதுக்கீட்டை விமர்சித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. படம் வந்தால் கொந்தளிப்பு மூளும் என்று மாநில அரசும் வாதிட்டது. 1989இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊகித்த ஆபத்து போதாது. வெடிமருந்தில் விழும் பொறிபோல் பேச்சோடு அது நேரடியாக ஒட்டியிருக்க வேண்டும். மிரட்டுபவர்களை அடக்குவது அரசின் பொறுப்பு என்றது.

கொதித்து நிற்கும் கூட்டத்திடம் எதிர்வீட்டைக் காட்டிக் கொளுத்தச் சொல்பவரை இந்த அளவுகோல் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது. சிக்கல், இன்று பரவி அடுத்த வாரம் பற்றும் வதந்தியில்தான். அங்கே தடையைவிட, போலீஸ் உடனே தரும் மறுப்பே மேல் என்பேன்.