முகப்பில் ஏறும் தீ

ரேணிகுண்டா சந்திப்பில் இறங்கித் திருப்பதி செல்லும் யாத்திரிகர்கள் தங்குவதற்கு, சாலையோரங்களில் விடுதிகள் பல உள்ளன. பழைய கட்டடத்திற்குப் புதுப்பொலிவு தர விரும்பும் உரிமையாளர், வழக்கமாகக் கடன் பெற்று ‘எலிவேஷன்’ வேலையை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கிறார். அந்த வேலையின் மதிப்பீட்டுத் தாளில் ‘ஏ.சி.பி. ஷீட், 4 மி.மீ.’ என்று ஒரு வரி இருக்கும். அது எந்த வகைத் தகடு என்பதைக் கேட்டறிவது நிறத்தையும் விலையையும் பார்ப்பதைவிட முக்கியமானது.

ஏ.சி.பி. என்பது முழு உலோகத் தகடு அன்று. இரண்டு மெல்லிய அலுமினியத் தோல்களுக்கு நடுவே சுமார் 3 மி.மீ. தடிமனில் வேறொரு பொருள் இருக்கிறது. மலிவான வகையில் அப்பொருள் பாலிஎத்திலீன். நெகிழிப் பைகள் செய்யப் பயன்படும் அதே பொருள். ஒரு சதுர மீட்டர் தகட்டில் அது ஏறத்தாழ 2.8 கிலோ இருக்கும். எரியும்போது அது தரும் வெப்பம், மூன்று லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோல் தரும் வெப்பத்திற்கு நிகரானது. ஆயிரம் சதுர அடி முகப்பு என்றால், சுவருக்கு வெளியே கால் டன்னுக்கும் அதிகமான எரிபொருளைத் தொங்கவிட்டிருக்கிறோம் என்று பொருள்.

தகடுகள் சுவரோடு ஒட்டி நிற்பதில்லை. சட்டங்களின்மேல் பொருத்தப்படுவதால் பின்னால் இடைவெளி உண்டு. தீ அந்த இடைவெளிக்குள் புகுந்தால், அது புகைபோக்கியைப் போல் இயங்கிச் சுடரை மேல்நோக்கி நீளச் செய்கிறது. உருகிய பாலிஎத்திலீன் எரிந்துகொண்டே சொட்டிக் கீழ்த் தளங்களையும் பற்றவைக்கிறது.

இலண்டன் தந்த பாடம்

இதன் முழு விளைவையும் 2017 ஜூன் 14 அன்று இலண்டன் கண்டது. கிரென்ஃபெல் டவர் 24 மாடிக் குடியிருப்பு. அதன் புதுப்பிப்புப் பணிக்கு முதலில் எண்ணப்பட்டது துத்தநாகத் தகடு. செலவைக் குறைக்கும் நோக்கில் பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட அலுமினியத் தகடு தேர்வாயிற்று. அதற்குப் பின்னால் வெப்பத்தைத் தடுக்க எரியக்கூடிய நுரைப் பலகைகளும் பொருத்தப்பட்டன.

அன்று நள்ளிரவுக்குப் பின், நான்காம் தளத்து வீடொன்றின் சமையலறையில் குளிர்பதனப் பெட்டியருகே தீ மூண்டது. 12.54-க்குத் தீயணைப்புத் துறைக்கு அழைப்பு சென்றது. சாளர ஓரத்தின் வழியாகத் தகடுகளுக்குத் தாவிய தீ, 1.30-க்கு முன்பே கட்டடத்தின் உச்சியை எட்டியது. கீழிறங்க இருந்ததோ ஒரே படிக்கட்டு. தீ ஒரு வீட்டுக்குள்ளேயே அடங்கும் என்ற நம்பிக்கையில், வீட்டிலேயே இருக்குமாறு குடியிருப்போருக்கு அறிவுறுத்தப்பட்டது. அந்த அறிவுரை கைவிடப்பட்டபோது மணி இரண்டரையைக் கடந்துவிட்டது. 72 பேர் உயிரிழந்தனர். முன்னதாகவே வெளியேற்றியிருந்தால் மேலும் பலர் பிழைத்திருப்பர் என்பது 2019-இல் வெளியான விசாரணை அறிக்கையின் முடிவு.

உரிமையாளர் கேட்க வேண்டியவை

ஏ.சி.பி. தகட்டில் மேம்பட்ட வகைகளும் கிடைக்கின்றன. ‘எஃப்.ஆர்.’ வகையின் நடுப்பகுதியில் பெரும்பங்கு தாதுப் பொருள். அது எரியும், ஆயினும் தீயின் வேகம் வெகுவாகக் குறையும். ‘ஏ2’ வகையில் எரியும் பொருள் மிகச் சிறிதளவே. உயரமான கட்டடத்திற்கும் பலர் உறங்கும் விடுதிக்கும் ஏ2 வகையே பொருத்தம். வகையின் பெயரை மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். பரிசோதனைச் சான்றிதழில் உள்ள தயாரிப்புப் பெயரும், வந்திறங்கிய தகட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

முன்பே தகடு பதித்திருந்தால், வெட்டிய விளிம்பின் நிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்ய இயலாது. ஒரு துண்டைக் கழற்றி ஆய்வகத்திற்கு அனுப்புவதே உறுதியான வழி. மேலும், ஒவ்வொரு தளத்திலும் தகட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்கச் செய்யுங்கள். நல்ல தகடாயினும் இந்தத் தடை இல்லையேல் புகைபோக்கி அப்படியே இருக்கும். விளம்பரப் பலகையின் மின்கம்பிகளும் குளிர்சாதனக் கருவிகளின் வெளிப்பகுதியும் தகட்டை ஒட்டி அமையாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்போரும் விடுதியில் தங்குவோரும் ஒன்றை நினைவிற்கொள்வது நலம். தீ கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஏறுவதைக் கண்டால், அது தம் தளத்தை எட்டுமா என்று காத்திருக்கலாகாது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, மின்தூக்கியைத் தவிர்த்து, படிக்கட்டு வழியாக உடனே இறங்குங்கள். வெளியே வந்ததும் 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். கிரென்ஃபெலில் தீ அழைப்புக்கும் அது உச்சியைத் தொட்டதற்கும் இடையே இருந்தது ஏறத்தாழ அரைமணி நேரமே.