இரண்டு நாள் லீவும் ஒரு இணைப்பும்

திருநெல்வேலியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக். கேட்டல், வாசித்தல், பேசுதலில் 7-உம் எழுதுதலில் 6.5-உம் வாங்க வேண்டும். தேர்வு சென்னையில், ஜூன் 14, சனிக்கிழமை.

ஒரு நாள் லீவு போதும் என்றுதான் முதலில் தோன்றும். கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் ஒரே மூச்சில், மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேச்சுத் தேர்வோ கால் மணி நேரம்கூட இராது. ஆனால் அதை வேறொரு நாளில் வைப்பதும் உண்டு. முன்னும் பின்னும் ஒரு வாரம் வரை தள்ளிப் போகலாம். ஆகவே பேச்சுத் தேர்வின் நாளும் நேரமும் தெரிந்த பிறகு லீவு கேட்பது நல்லது. இவருக்கு அது 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மதியம்.

வியாழன் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால்தான் காலையில் எழும்பூர் போய்ச் சேரலாம். அப்படியானால் வியாழன் நைட் டியூட்டியும் இருக்கக் கூடாது. கடிதத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ரோஸ்டர் போட்ட பிறகு சொன்னால் மாற்று ஆள் தேடும் தலைவலி சூப்பரின்டெண்டன்டுக்கு. மறுப்பு வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

“மதிப்பிற்குரிய மேடம், ஜூன் 13, 14 தேதிகளில் சென்னையில் எனக்கு ஆங்கில மொழித் தேர்வு இருக்கிறது. அந்த இரு நாட்களுக்கும் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 12-ஆம் தேதி இரவு கிளம்ப வேண்டியிருப்பதால் அன்று எனக்குப் பகல் டியூட்டி தர வேண்டுகிறேன். 15-ஆம் தேதி மதிய ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன். தேர்வுப் பதிவு உறுதிச் சீட்டை இணைத்துள்ளேன்.”

வெளிநாடு போகும் திட்டத்தைக் கடிதத்தில் விவரிக்கத் தேவையில்லை. ஆனாலும் தேர்வின் பெயரைப் பார்த்ததுமே சூப்பரின்டெண்டன்டுக்குப் புரிந்துவிடும். “சும்மா எழுதிப் பார்க்கிறேன்” என்று மழுப்புவது வீண். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடலாம். முடிவு வந்து, பதிவும் விசாவும் ஆக மாதங்கள் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நாளைக்கே வேலையை விடப்போகிறார் என்ற பதற்றம் குறையும்.

இணைப்பில் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை வைக்கக் கூடாது. அதில் தேர்வு நாள் இருக்காது. பெயர், தேதி, நேரம், மையம் நான்கும் தெரிகிற உறுதிச் சீட்டே வேண்டும். பாஸ்போர்ட் எண் இருந்தால் நகலில் அதை மறைத்துவிடலாம். லீவு தர அந்த எண் யாருக்கும் தேவையில்லை. அசல் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் கொடுத்து வைத்திருந்தால் கிளம்பும் முன் வாங்கிக்கொள்ள வேண்டும். தேர்வு மையத்தில் நகல் செல்லாது.

மையம் தேதியை மாற்றினால் புதிய சீட்டை அன்றே அனுப்பி, பழைய லீவை ரத்து செய்யச் சொல்லிவிட வேண்டும்.